ஆறாம் வகுப்புக் கணக்கில் பின்னம் முன்னால் வரட்டும்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு முன்மொழிவு

தாளாளர் ஐயாவுக்கும் தலைமையாசிரியர் அம்மாவுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஜூனில் இருந்து ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும், முதல் பருவத்தில் 'விகிதம் மற்றும் விகிதசமம்' பாடத்தைத் தொடங்குமுன் 16 பீரியட் பின்னத்துக்கு ஒதுக்க அனுமதி வேண்டும். இந்த ஆண்டு 6 'ஆ' பிரிவில் மட்டும் இதைச் செய்து பார்த்தோம். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், ஏன் இது? அரசுப் பாடநூலில் விகிதம் முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது, பின்னங்கள் மூன்றாம் பருவத்தில்தான். தொடக்க வகுப்புகளில் பின்னம் படித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வைத்த வரிசை அது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம்மிடம் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பல தொடக்கப் பள்ளிகளில் இருந்து வருகிறார்கள். "முக்கால் கிலோ தக்காளி" என்று கடையில் கேட்டு வாங்கிவரும் பிள்ளை, பலகையில் 3/4 என்று எழுதினால் மூன்றும் நான்கும் தனித்தனி எண்கள் என்றுதான் பார்க்கிறது. அந்த நிலையில் 3 : 4 என்று விகிதத்தை எழுதிப் போட்டால் என்ன புரியும்? மனப்பாடம்தான் நடக்கும். ஏழாம் வகுப்பில் முதல் பருவத்திலேயே நேர், எதிர் விகிதங்கள் வந்து நிற்கின்றன, அங்கே போனதும் பழைய ஓட்டை பெரிதாகிவிடுகிறது.

ஜூனில் இரண்டு பிரிவுக்கும் 12 கேள்வி கொண்ட ஒரே தாளைக் கொடுத்தோம். அதில் 1/2 + 1/3 என்ற கேள்வியைப் பார்த்தாலே போதும். 6 'அ'வில் 38 பேரில் 8 பேர், 6 'ஆ'வில் 37 பேரில் 6 பேர் சரியாகப் போட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் எழுதியது 2/5, அதாவது மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். வெறும் கவனக்குறைவு என்றால் எல்லோருக்கும் ஒரே தவறான விடை வராது, பின்னம் என்றால் என்ன என்றே பிடிபடவில்லை.

6 'ஆ'வில் செய்தது பெரிய விஷயமில்லை. 24 செ.மீ. நீளக் காகிதப் பட்டைகள், அளவுகோல், கத்தரிக்கோல், அவ்வளவுதான். பாதி என்றால் 12 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு என்றால் 8. இரண்டையும் ஒட்டி வைத்தால் 20. அப்புறம் 4 செ.மீ. துண்டு ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு என்று அவர்களே கண்டுபிடித்து 5/6 என்று வந்து நிற்பார்கள். 2/5 எழுதிய ஒரு பையன் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது பாதியைவிடச் சின்னதா இருக்கு, கூட்டினா எப்படிக் குறையும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை காகிதமும். மீச்சிறு பொது மடங்கு இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது என்பதால் அந்த முறைக்கு நாங்கள் போகவே இல்லை. பட்டையிலேயே பகுதிகளைச் சமமாக்கினோம்.

செப்டம்பரில் அதே வகைக் கேள்வியை எண்களை மாற்றிக் கொடுத்தபோது 6 'ஆ'வில் 27 பேர் சரியாகப் போட்டார்கள், 6 'அ'வில் 13 பேர். நவம்பரில், முன்கூட்டிச் சொல்லாமல் மறுபடி வைத்தோம்: 6 'ஆ' 24, 6 'அ' 14. மூன்று பேர் நழுவியிருக்கிறார்கள், மற்றபடி நின்றிருக்கிறது. முதல் பருவத் தொகுத்தறி மதிப்பீட்டில் 60க்கு சராசரி 6 'ஆ' 38, 6 'அ' 34. இந்த நான்கு மதிப்பெண் வித்தியாசத்தை நான் பெரிதாகக் காட்ட விரும்பவில்லை. இரண்டு பிரிவுக்கும் நானேதான் எடுக்கிறேன், புதிதாக ஒன்றைச் செய்யும் உற்சாகம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்திருக்கலாம். விகிதக் கேள்விகளை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது, திருத்திய தாள்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இழப்பும் உண்டு. புள்ளியியல் பாடத்தை 6 'ஆ'வில் கடைசி நான்கு நாளில் அவசரமாக முடித்தோம். அந்தக் கேள்வியில் அவர்கள் 6 'அ'வைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். இன்னொன்று, ஏழு பிள்ளைகளிடம் எந்த மாற்றமும் இல்லை. அவர்களுக்கு வாய்ப்பாடும் வகுத்தலுமே தகராறு, பின்னம் அப்புறம்தான். இந்தத் திட்டம் அவர்களுக்கான மருந்து இல்லை, தனியாக ஏதாவது செய்தாக வேண்டும், அதை இதோடு போட்டுக் குழப்பவில்லை.

"பாடத்திட்டத்தை நாமே மாற்றலாமா, இன்ஸ்பெக்‌ஷனில் கேட்க மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். பாடநூலில் ஒரு பக்கத்தையும் விடவில்லை, எந்தப் பாடத்தையும் பருவம் மாற்றவும் இல்லை. விகிதத்துக்கான முன்தயாரிப்பு என்று பாடக்குறிப்பிலும் வேலைப் பதிவேட்டிலும் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். மூன்றாம் பருவத்தில் பின்னம் பாடம் அப்படியே நடக்கும், அடிப்படை ஏற்கெனவே இருப்பதால் அங்கே ஐந்தாறு பீரியட் மிச்சமாகும்.

முதல் பருவத்துக்கு வேண்டிய 16 பீரியடை எங்கே எடுப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். ஜூன் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வெள்ளிக்கிழமை ஸ்லிப் டெஸ்ட் பீரியடை நிறுத்தினால் பத்து கிடைக்கும், மீதி ஆறு கணக்குப் பீரியடிலேயே. விளையாட்டுப் பீரியடைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து, எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். புள்ளியியலுக்கு இந்த முறை முழு நாட்களையும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்துவிடுவோம்.

ஏப்ரலில் நீங்கள் சம்மதித்தால், மே கடைசி வாரத்தில் நானும் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சரும் இரண்டு நாள் உட்கார்ந்து 16 பீரியடுக்கும் குறிப்பு எழுதிவிடுவோம். 6 'அ'வை அவர் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன், வேறொருவர் கையில் இது எடுபடுகிறதா என்று தெரிய வேறு வழியில்லை. பள்ளி திறந்த முதல் வாரம் அதே 12 கேள்வித் தாள். ஜூனில் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் வேண்டும்: இந்த ஆண்டு ஒரு அப்பா வந்து "இன்னும் அஞ்சாம் வகுப்புப் பாடமா நடத்துறீங்க?" என்று கேட்டார், அந்தக் கேள்வி வரும்முன் பட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். செப்டம்பரில் மறுதேர்வு. இரண்டு பிரிவிலும் பாதிப் பேராவது 1/2 + 1/3 வகைக் கணக்கைச் சரியாகப் போடாவிட்டால், அடுத்த ஆண்டு இதைத் தொடரச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

செலவு: கெட்டித் தாள், அளவுகோல், கத்தரிக்கோல், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். அளவுகோலும் கத்தரிக்கோலும் அடுத்தடுத்த ஆண்டுக்கும் ஆகும். மே மாத இரண்டு நாளுக்கு எங்களுக்குப் பணம் வேண்டாம், ஈடுசெய் விடுப்பு கொடுத்தால் போதும்.

ஜூன் கால அட்டவணை ஏப்ரல் இறுதியில் முடிவாகிவிடும் என்பதால், வெள்ளிக்கிழமைப் பீரியட் பற்றிய முடிவை மட்டுமாவது ஏப்ரல் 20க்குள் சொல்லிவிடுங்கள். தொகைக்கான ஒப்புதல் மே வரை பொறுக்கும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர், 6ஆம் வகுப்பு