செந்திலுக்கு

செந்தில்,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் உறவை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோதே முடிவாகிவிட்டது. நேரில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூருக்கு வந்தேன். நீ அப்பாவின் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய், வாய் வரவில்லை. இன்னொரு முறை எதிரில் உட்கார்ந்தால் நீ கையைப் பிடித்துக்கொள்வாய், நானும் சரி, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்பேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், ராஜினாமாக் கடிதம் மாதிரி இருந்தது. இது நீ சொல்லிக்கொடுத்த தமிழ். ஒற்று எங்காவது விட்டுப்போயிருந்தால் பொறுப்பு உன்னுடையது.

காரணம் உனக்குத் தெரியாதது இல்லை. தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றாய். நியாயம்தான், காத்திருந்தேன். அப்புறம் அப்பாவுக்கு ஆஞ்சியோ. அந்த நேரத்தில் யார்தான் பேச முடியும்? இப்போது தங்கச்சிக்கு வளைகாப்பு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் அவள் பாடு என்னாகும் என்கிறாய். நீ பொய் சொல்கிறாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் குடும்பம் என்றால் அடுத்து ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

சிறப்புத் திருமணச் சட்ட நோட்டீஸ் படிவத்தில் என் பக்கத்தை அன்றைக்கே நிரப்பிவிட்டேன். உன் பக்கம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. 30 நாள் நம் பெயர் பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டியிருக்குமே, ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிட்டால் என்று பயந்தாய். எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தும் உம்மாவிடம் சொன்னேன். பல நாள் என்னோடு பேசவே இல்லை. இப்போது "அந்தப் பையன் என்ன சொல்றான்?" என்று அவரே கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அம்பாசமுத்திரத்தில் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆபீஸ் தோழியாக வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் சொதிச் சாப்பாட்டில் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இஞ்சிப் பச்சடியை இரண்டாவது தடவையும் இலையில் வைத்தார். தலையில் பூ வைத்துவிட்டு, "உனக்கு எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்டார். நீ பாயசவாளியோடு அங்கேதான் நின்றாய். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டாய். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஆபீஸ் தோழியாகவே எனக்கு வயதாகிவிடும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

இதைப் படித்ததும் "இன்றைக்கே அம்மாவிடம் சொல்கிறேன்" என்று போன் பண்ணுவாய். வேண்டாம் செந்தில். நான் போய்விடுவேன் என்ற பயத்தில் நீ அவர்களிடம் பேசுவதும், அதன் பிறகு அப்பாவுக்கு ஒன்று என்றால் என்னைப் பார்த்து நீ மௌனமாக இருப்பதும் எனக்கு வேண்டாம். அவர்களை விட்டுக்கொடுக்க உன்னால் முடியவில்லை. அது குற்றம் இல்லை. இப்படியே இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் விலகியிருந்து பார்ப்போம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

எனக்கு டெங்கு வந்து பிளேட்லெட் குறைந்தபோது ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் ராத்திரி முழுக்கக் கிடந்தாய். காலையில் நர்ஸ் உன்னைத்தான் நோயாளி என்று நினைத்தார். சென்னையில் எனக்கு வீடு மாதிரி இருந்தது நீதான். உன்மேல் எனக்கு இருக்கும் அன்பில் சந்தேகமே வேண்டாம், இப்போதும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மட்டும் இதைத் தொடர முடியாது.

கொச்சிக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புகிறேன். சென்ட்ரலுக்கு வராதே. போனிலும் மெசேஜிலும் கொஞ்ச காலம் வேண்டாம். நீ எழுதினால் படிப்பேன், பதில் போட மாட்டேன். உன் நம்பரை பிளாக் பண்ணப்போவதில்லை, அப்பாவுக்கு அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு. அம்மா என்னை விசாரித்தால் ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போய்விட்டாள் என்று சொல். அது உண்மைதானே.

உன் ஹெல்மெட், சாவி, அம்மா கொடுத்தனுப்பிய டப்பாக்கள் எல்லாவற்றையும் என் ரூம்மேட்டிடம் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள். நாம் சேர்ந்து போட்ட ஆர்.டி. மார்ச்சில்தான் முடிகிறது. அவசரப்பட்டு இப்போதே உடைக்காதே, வட்டி வீணாகப் போகும். என் பங்குத் தவணையை நான் மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன். முடிந்ததும் பாதியை என் கணக்கில் போட்டுவிடு, பழைய அக்கவுண்ட் நம்பர்தான்.

ஷெரின்