மெக்கானிக்ஸ் டுடோரியலைத் தமிழிலும் நடத்த அனுமதி கேட்டு

காரைக்குடி,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். நேரில் வந்தால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டு வந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முதலாண்டு என்ஜினீயரிங் மெக்கானிக்ஸில் திணறுகிற பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் தமிழில் டுடோரியல் எடுக்க உங்கள் அனுமதி வேண்டும். இப்போது ஆங்கிலத்தில் நடக்கிற டுடோரியலில் கை வைக்க வேண்டாம், அது அப்படியே நடக்கட்டும். நான் கேட்பது அதற்கு மேல் ஒரு வகுப்பு.

முதல் இன்டர்னல் பேப்பர்களைத் திருத்தி உங்களிடம் கொடுத்த பிறகு, 50க்கு 20 எடுக்காத 19 பேரின் தாள்களை மட்டும் திரும்ப வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். படம் போட்டுக் கொடுத்த கணக்கைத் தொட்டிருக்கிறார்கள், விசையைப் பிரித்திருக்கிறார்கள், sin, cos போட்ட இடம் கூட பெரும்பாலும் சரி. படம் இல்லாமல் நாலு வரியில் ஆங்கிலத்தில் கொடுத்த கணக்கை மட்டும் அப்படியே வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள். கணக்கு வராத பிள்ளை இரண்டையும்தான் விடும் சார். இவர்களுக்குக் கணக்கு வருகிறது, கேள்விக்குள் நுழைய முடியவில்லை.

அந்த 19 பேரில் 14 பேர் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. கல்லல், தேவகோட்டை, சிங்கம்புணரி பக்கத்து அரசுப் பள்ளிகள். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது, அதில் உள்ளே வந்தவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். சீட் கிடைத்துவிட்டது, ஃபீஸும் அரசே கட்டுகிறது, ஆனால் முதல் செமஸ்டரிலேயே மெக்கானிக்ஸில் அரியர் விழுந்தால் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வரும்போது ஒன்றுமே பிடிபடாது. மொமென்ட் தெரியாத பிள்ளைக்கு பெண்டிங் மொமென்ட் டயகிராமை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டுடோரியலில் ஏணிக் கணக்கு ஒன்று கொடுத்திருந்தேன். 5 மீட்டர் ஏணி, எடை 200 நியூட்டன், அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறது, சுவரில் உராய்வு கிடையாது, வழுக்காமல் நிற்கத் தரையின் உராய்வுக் குணகம் குறைந்தது எவ்வளவு வேண்டும். வகுப்பில் கேட்டபோது கடைசி பெஞ்சில் ஒருவர் கூட நிமிரவில்லை. முடிந்ததும் வராந்தாவில் ஒரு பையன் தாளோடு நின்றான். கேள்வியைத் தமிழில் ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். "அக்கா, சுவர்ல உராய்வு இல்லன்னா அது நேரா தள்ள மட்டும்தானே செய்யும், மேல தூக்காதுல்ல?" என்று கேட்டான். (வகுப்பில் மேடம், வெளியே வந்தால் அக்கா.) அந்தக் கணக்கின் உயிரே அந்த ஒரு கேள்விதான் சார்! அப்புறம் நான் பேசவே இல்லை. ஏணி 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடுகிறது, அடியை வைத்து மொமென்ட் எடுத்தால் 200-ஐ 1.5-ஆல் பெருக்கினது 4-ஆல் வகுபட்டு 75 நியூட்டன், தரை உராய்வும் அதே 75, தரை மேலே தாங்குவது 200, ஆக 0.375. எல்லாம் அவனே போட்டான்.

போட்டு முடித்துவிட்டு அவனாகவே சொன்னான், அவன் அப்பா பழைய செட்டிநாட்டு வீடுகளில் பூச்சு வேலை பார்க்கிறவராம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஏணி வைத்தால் கீழே சாக்கை மடித்துப் போட்டுவிட்டுத்தான் ஏறுவாராம். "0.375 அந்தத் தரையில் கிடைக்காதுன்னுதானே அக்கா சாக்கு?" என்றான். இதே பையன் இன்டர்னலில் 50க்கு 11.

தமிழில் எடுத்தால் பரீட்சையை எப்படி எழுதுவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். பரீட்சை ஆங்கிலத்தில்தான், அதை நான் மறக்கவில்லை. அதனால் விளக்கம் தமிழில், ஃப்ரீ பாடி டயகிராம், ஈக்விலிப்ரியம், ஃப்ரிக்ஷன் போன்ற சொற்கள் பாடத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும், பள்ளியில் படித்த சொல்லைப் பக்கத்தில் ஒரு தடவை எழுதிக் காட்டுவேன். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி இருபது நிமிடம் ஒரு கேள்வியை ஆங்கிலத்திலேயே வாசித்து, படமாக வரைந்து, விடையை ஆங்கிலத்தில் முழுசாக எழுத வேண்டும். நாலு வரிக் கேள்வியிலிருந்து படத்துக்குப் போகிற இடத்தில்தான் இவர்கள் விழுகிறார்கள், அதில்தான் பழக்க வேண்டும். வேலைக்குப் போக ஆங்கிலம் வேண்டும் என்று நம் டிபார்ட்மென்டில் சொல்வதும் நியாயம்தான், ஆனால் மெக்கானிக்ஸையும் ஆங்கிலத்தையும் ஒரே மணி நேரத்தில் ஒருவன் தலையில் ஏற்றினால் இரண்டும் நிற்காது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இலேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கினார்கள். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

வகுப்பில் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் குறையக் கூடாது என்பதற்காகத்தான் ஆங்கில டுடோரியலைத் தொட வேண்டாம் என்கிறேன். தமிழ் வகுப்பில் கொடுக்கிற கணக்குத் தாள் எல்லாருக்கும் போகும்.

எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது வேறு. இதற்கு "மக்கு கிளாஸ்" என்று பெயர் விழுந்துவிட்டால் வர வேண்டிய பிள்ளை ஒன்று கூட வராது. அதனால் 19 பேர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம், அட்டெண்டன்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நீங்களே உங்கள் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் சார். நான் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றாகாது. நீங்கள் சொன்னால் அது படிப்பு.

நேரம் செவ்வாய், வியாழன் மாலை 3.45 முதல் 4.45 வரை. அதற்கு மேல் வைத்தால் கல்லல் பக்கம் போகிற பெண்பிள்ளைகள் டவுன் பஸ்ஸை விட்டுவிடுவார்கள், அப்புறம் வீட்டிலேயே வகுப்புக்குப் போக வேண்டாம் என்பார்கள். இடம் டிராயிங் ஹால் கிடைத்தால் நல்லது, பெரிய மேசை, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாளில் வரையலாம். இதற்குத் தனியாகச் சம்பளம் எதுவும் வேண்டாம். என் லேப் வேலை, உங்களுக்குத் திருத்திக் கொடுக்கிற வேலை எதுவும் தள்ளிப் போகாது.

இரண்டாவது இன்டர்னல் வரைக்கும் நடத்திப் பார்க்க அனுமதி கொடுங்கள். அந்தத் தாள்களில் வார்த்தைக் கணக்குகளை எத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம். முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறேன், நீங்கள் சொல்லக்கூட வேண்டாம். நடுவில் எந்த நாள் வேண்டுமானாலும் வந்து பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

டிராயிங் ஹால் சாவிக்கு உங்கள் கையெழுத்து இல்லாமல் ஆபீஸில் கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொன்னால் வருகிற செவ்வாயே ஆரம்பித்துவிடலாம், உராய்வுப் பாடத்தில் இன்னும் நாலு கணக்கு மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
மெய்யம்மை
ஆராய்ச்சி மாணவி, முதலாண்டு மெக்கானிக்ஸ் டீச்சிங் அசிஸ்டென்ட்