முடி டை: சம்மதமும் பேட்ச் டெஸ்ட் பதிவும்

மதுரை அண்ணா நகர் பார்லர். இரண்டு பிரதி: ஒன்று வாடிக்கையாளர் கையில், ஒன்று எங்கள் ஃபைலில்.

வாடிக்கையாளர் எண் 214, பெண், வயது 41. பெயரும் போன் நம்பரும் பூட்டி வைத்த பதிவேட்டில் மட்டும் இருக்கும். இந்தத் தாள் மேசையில் கிடந்தாலும் யாருடையது என்று வெளியாளுக்குத் தெரியக் கூடாது.

கேட்டது: தலை முழுக்க டை, 6.6.2025 வெள்ளி காலை 10 மணி. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் கல்யாணம். முன்பணம் ரூ. 500.

வாடிக்கையாளர் சொன்னது
(ஊழியர் வாசித்துக் காட்ட, பதிலை வாடிக்கையாளரே எழுதியது)

முன்பு டை போட்டதுண்டா?
வீட்டிலேயே மூணு வருஷமா போடுறேன். ஒண்ணும் ஆனதில்லை.

கருப்பு மருதாணிக் கோன்?
போன வருஷம் பொருட்காட்சியில் கையில் வச்சேன். அரிக்கலை.

சல்ஃபா மாத்திரையோ மரத்துப்போகும் மருந்தோ ஒத்துக்காமல் போனதுண்டா?
இல்லை.

இந்த வாரம் அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்டு ஏதாவது?
இல்லை.

தலையில் புண், கீறல்?
இல்லை.

பார்லர் குறிப்பு: மருதாணி தானாகக் கருப்பாகச் சிவக்காது. அந்தக் கருப்புக்குப் பெரும்பாலும் டையில் இருக்கும் அதே பாரா-ஃபீனிலீன்டையமினைத்தான் கலக்கிறார்கள். கோன் வைத்த இடம் கொப்பளித்திருந்தால் டெஸ்ட்டே வைத்திருக்க மாட்டோம். நேரே தோல் டாக்டரிடம் அனுப்பியிருப்போம். ஸ்டீராய்டு பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு: அது அலர்ஜியை அமுக்கிவிடும், டெஸ்ட் சுத்தமாக வந்தது போலத் தோன்றும்.

சம்மதம்

டை சிலருக்கு அரிப்பு, வீக்கம், கொப்புளம் தரும் என்று எனக்குச் சொன்னார்கள். முன்பு ஒத்துக்கொண்ட டை இந்தத் தடவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அம்மோனியா இல்லாத டையிலும் பாரா-ஃபீனிலீன்டையமின் இருக்கலாம் என்பதும் புரிந்தது. புருவத்துக்கும் இமைக்கும் டை போடச் சொல்லிக் கேட்க மாட்டேன். கண் பார்வையே போகலாம். மேலே எழுதிய பதில்கள் உண்மை. எதையாவது மறைத்திருந்தால் அதனால் வரும் பாதிப்பு என் பொறுப்பு. எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பார்லர் ஒப்புக்கொள்வது: இந்தக் கையெழுத்து எங்கள் தவறுக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல. டெஸ்ட் வைக்காமல் டை போட்டாலோ, கலவை அளவு பிசகினாலோ, சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிட்டாலோ பொறுப்பு எங்களுடையது. டெஸ்ட் சரியில்லை என்றால் முன்பணம் முழுதும் திரும்பும். டெஸ்ட்டுக்குக் காசு இல்லை. எடுக்கும் போட்டோ காதுப் பின்புறம் மட்டும். இன்ஸ்டாவில் போட மாட்டோம். நுகர்வோர் புகாருக்கு 2019 சட்டப்படி 2 ஆண்டு அவகாசம் இருப்பதால் இந்தத் தாளை 3 ஆண்டு வைத்திருப்போம்.

கையெழுத்து: வாடிக்கையாளர் 214, ஊழியர் 2. நாள் 3.6.2025.

டெஸ்ட்

3.6.2025 செவ்வாய், காலை 11.15. இடது காதின் பின்புறம். சோப்பும் தண்ணீரும் கொண்டு துடைத்து, வெள்ளிக்கிழமை போடவிருந்த அதே பெட்டியின் கிரீம் டை, ஷேடு 4, தயாரிப்புத் தொகுதி எண் கே2417, 6 சதவீத டெவலப்பருடன் கலந்து, பட்டாணி அளவு பூசிக் காயவிட்டோம். வேறு பெட்டி, வேறு ஷேடில் பார்த்த டெஸ்ட் செல்லாது.

பெட்டியில் இருக்கும் தாள் 24 மணி நேரத்தில் கழுவிப் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் 48 மணி வரை காத்திருக்கிறோம், ஏனென்றால் இந்த அலர்ஜி தாமதமாகத்தான் தலைகாட்டும். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ எங்களுக்குப் போன் போடுவதற்கு முன் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டோம்.

4.6.2025, காலை 11.20, நேரில்: கழுவிப் பார்த்தோம். சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. "இன்னைக்கே போட்டு விட்டுருங்கக்கா" என்றார். மறுத்தோம்.

5.6.2025, காலை 11.10, நேரில்: ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவப்பு, லேசான தடிப்பு. இரவு முழுக்க அரித்ததாகச் சொன்னார். கொப்புளம் இல்லை. போட்டோ எடுத்தோம்.

முடிவு

டை போடுவதில்லை. வேறு கம்பெனி டை, கருப்பு மருதாணிப் பொடி எதையும் மாற்றாகத் தரவில்லை. கல்யாணத்துக்குக் கொண்டை போட்டு மல்லிகைப்பூ வைத்துவிட ஒப்புக்கொண்டோம். அந்த நாளில் ஸ்பிரேயும் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். களிம்பு எதுவும் நாங்கள் தரவில்லை, அது டாக்டர் வேலை. இந்தத் தாளின் பிரதியையும் டை பெட்டியின் போட்டோவையும் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தோம். டாக்டர் எழுதித் தரும் வரை எண் 214-க்கு இங்கே எந்த டையும் கிடையாது. பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்தாயிற்று.

ரூ. 500 திரும்பப் பெற்றேன். முடிவு எனக்குப் புரிந்தது.

கையெழுத்து: வாடிக்கையாளர் 214, ஊழியர் 2, பார்லர் உரிமையாளர். 5.6.2025, காலை 11.40.