டைட்ரேஷன் அறிக்கை: திருத்தியதும் திருத்தாமல் விட்டதும்

வணக்கம் சார்,

வினிகர் டைட்ரேஷன் அறிக்கையைத் திருத்தி இன்று மதியம் ஏற்றிவிட்டேன். அறிக்கை வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. குறிப்பை மட்டும் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னதால் இப்படி எழுதுகிறேன். நீங்கள் சிவப்பில் போட்ட 14 குறிகளில் 13-ஐச் சரிசெய்திருக்கிறேன். ஒன்றை அப்படியே விட்டிருக்கிறேன், காரணம் கீழே.

முதலில் பெரிய தவறு. சோடியம் ஹைட்ராக்ஸைடை கேஎச்பி வைத்துத் தரப்படுத்தி, 3-ஆம் பக்கத்தில் 0.0982 மோலார் என்று நானே எழுதியிருந்தேன். ஆனால் 5-ஆம் பக்கக் கணக்கில் பாட்டில் மேல் ஒட்டியிருந்த 0.1000-ஐப் போட்டுவிட்டேன். "அப்புறம் 3-ஆம் பக்கம் எதற்கு?" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பதில் இல்லை சார். கணக்குத் தாளை தரப்படுத்துவதற்கு முந்தைய நாளே தயார்செய்து வைத்திருந்தேன், அந்தக் கட்டத்தில் இருந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். இப்போது மாற்றியாயிற்று. கேஎச்பி எடைகளையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது எடை தராசில் 0.5087 கிராம், அறிக்கையில் கடைசி இலக்கத்தை விட்டு 0.508 என்று இருந்தது. அதையும் திருத்திவிட்டேன்.

இரண்டாவது, சராசரி. முதலில் தோராயமாகப் பார்த்த 19.60-ஐயும் மற்ற மூன்றோடு சேர்த்திருந்தேன். அந்த முறை குழாயைத் திறந்தபடியே விட்டதில் ஃபிளாஸ்க் முழுக்க அடர்ந்த ரோஜா நிறமாகிவிட்டது, அதைக் கணக்கில் எடுத்திருக்கவே கூடாது. இப்போது 19.10, 19.05, 19.10 மூன்றுக்கும் மட்டும் சராசரி, 19.08 மி.லி. அட்டவணை 2-இல் தோராய அளவும் இருக்கிறது, ஆனால் தனிப் பத்தியில்.

புதிய கணக்கு:

0.0982 × 19.08 ÷ 25.00 × 10 = 0.749 மோலார்
0.749 × 60.05 = 45.0 கிராம்/லிட்டர், அதாவது 100 மி.லி.க்கு 4.50 கிராம்

முன்பு 4.6148425 என்று எழுதியிருந்தேன். ஏழு தசம இடங்களையும் வட்டம் போட்டு ஒரு ஆச்சரியக்குறி வைத்திருந்தீர்கள். கால்குலேட்டர் காட்டியதை அப்படியே இறக்கிவைத்தேன், வேறொன்றும் இல்லை.

இங்கேதான் நான் இரண்டு நாள் தடுமாறினேன். பாட்டில் லேபிளில் 5% என்று இருக்கிறது. பழைய விடைக்கும் அதற்கும் 7.7% வித்தியாசம், இப்போது 10.0%. திருத்தத் திருத்த விடை லேபிளைவிட்டு விலகிப் போகிறதே, எங்கேயோ இன்னும் தப்பு செய்கிறேன் என்று மறுபடி மறுபடி கணக்குப் போட்டேன். பிறகுதான் புரிந்தது. 0.1000 போட்டது விடையை 1.8% உயர்த்தியிருந்தது, தோராய அளவைச் சேர்த்தது இன்னும் 0.7%. இரண்டு தவறும் தற்செயலாக ஒரே திசையில் விழுந்து என்னை லேபிளின் பக்கம் தள்ளியிருந்தன. எனவே 10.0% என்பதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இதனால் பிழைகள் பகுதியை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. "மனிதத் தவறு" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். சோடியம் ஹைட்ராக்ஸைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியதால் விடை குறைந்தது என்று எழுதியிருந்தேன், நீங்கள் பக்கத்தில் "எந்தத் திசை?" என்று மட்டும் கேட்டிருந்தீர்கள். யோசித்தால் தலைகீழ். தரப்படுத்திய பிறகு அது உறிஞ்சியிருந்தால் காரம் நாம் நினைப்பதைவிட வலு குறைந்திருக்கும், பியூரெட்டிலிருந்து அதிகம் இறங்கும், விடை கூடத்தான் செய்யும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழ் இருந்து நடுவில் வெளியேறியிருந்தாலும் அப்படியே. கோனிக்கல் ஃபிளாஸ்கில் தண்ணீர் ஒட்டியிருந்தால் எதுவும் மாறாது, அமிலத்தின் மோல் அளவு அதேதான்.

குறைவான விடைக்குப் பொருந்தும் காரணத்தைத் தேடி நோட்டைப் புரட்டினேன். வெய் லிங் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்தது: வினிகரைப் பத்து மடங்கு நீர்க்கச்செய்த 250 மி.லி. ஃபிளாஸ்கில் தண்ணீர் கோட்டுக்கு மேல் 2 மி.மீ. போய்விட்டது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று இருவரும் நினைத்தோம். பிறகு ஃபிளாஸ்கின் கழுத்தை அளந்தேன், உள்விட்டம் சுமார் 1.5 செ.மீ. அப்படியானால் கூடுதலாகப் போனது 0.35 மி.லி., 250-இல் 0.14%. பத்து விழுக்காட்டை அதன் தலையில் கட்ட முடியாது. இந்தக் கணக்கை அறிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

அளவீட்டு ஐயமும் நீங்கள் சொன்னபடிதான். பியூரெட்டில் ஒரு வாசிப்புக்கு ±0.05, ஒரு டைட்டருக்கு இரண்டு வாசிப்பு, ஆகவே ±0.10 மி.லி. நான் ஒன்றைத்தான் எடுத்திருந்தேன். தரப்படுத்தல், பிப்பெட், ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 1.2%. விடை 4.50 ± 0.05. ஐந்து அதற்குள் வரவில்லை.

ஃபீனால்ப்தலீன் ஏன் என்பதற்கு ஒரு பத்தி சேர்த்தேன்: சமநிலைப் புள்ளியில் pH சுமார் 8.7, இதன் நிறம் மாறும் எல்லை 8.3 முதல் 10.0 வரை. மெத்தில் ஆரஞ்சு போட்டிருந்தால் 3.1 முதல் 4.4-க்குள் மாறி முடிந்திருக்கும், அமிலம் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே.

செய்முறைப் பகுதி "மூன்று துளி சேர்க்கவும், நன்றாகக் கலக்கவும்" என்று ரசம் வைக்கச் சொல்வதுபோல இருந்தது. நாங்கள் செய்ததாக, இறந்தகாலத்தில் மாற்றிவிட்டேன். மற்றவை அலகு, தலைப்பு, பக்க எண் போன்ற சில்லறைத் திருத்தங்கள்.

விட்டுவைத்தது இது. 4-ஆம் பக்கத்தில் "நிறம் 30 விநாடி நின்றது" என்பதன் கீழ் கோடிட்டு "நிரந்தரமாக?" என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது ஃபிளாஸ்கை வேண்டுமென்றே மேசையில் வைத்துப் பார்த்தோம். 30 விநாடி வெளிர் ரோஜா நிறம் நன்றாகத் தெரிந்தது, அடுத்த சில நிமிடங்களில் மெல்ல மங்கி நிறமற்றதாகிவிட்டது. அங்கே கரியமில வாயுதான் காரணம் என்று நினைக்கிறேன், அதனால் "நிரந்தரமாக" என்று எழுத மனம் வரவில்லை. தவறென்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

இனி மிச்சம் வினிகர்தான். அது வெய் லிங் வீட்டிலிருந்து வந்தது, மீ சாப்பிடப் பச்சை மிளகாய் ஊறவைக்கும் அதே பாட்டில். எப்போது திறந்தது என்று அவள் அம்மாவுக்கே நினைவில்லை, மூடியும் சரியாக இறுகாது. அமிலம் கொஞ்சம் ஆவியாகியிருக்கலாம் என்று அறிக்கையில் ஊகமாகத்தான் எழுதியிருக்கிறேன், சோதித்துப் பார்க்கவில்லை. அதே பிராண்டில் திறக்காத பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வரும் புதன்கிழமை இரண்டு மணிக்கு மேல் ஆய்வகம் காலியாக இருந்தால், உங்கள் அனுமதியோடு மூன்று டைட்ரேஷன் மட்டும் செய்து பார்க்கலாமா? மதிப்பெண்ணுக்காக இல்லை சார்.

நன்றி.

கவிதா
மேசை 4, இரண்டாம் ஆண்டு