அப்பாவின் சர்க்கரை பற்றி, வீட்டாருக்கு

"இனிப்பையே தொடுவதில்லை, அப்புறம் ஏன் ஏறுகிறது?" என்று கேட்டீர்கள். அப்பாவுக்கு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளச் சொல்லி அது வந்து கதவைத் தட்டினால் தசையும் கல்லீரலும் காது கேளாதது போல இருக்கின்றன, இன்சுலினைச் சுரக்கும் கணையம் இன்னும் பலமாகத் தட்டுகிறது, வருடக்கணக்கில் தட்டித் தட்டி அதுவும் ஓய்ந்துபோகிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் 168 வந்ததற்கு ராத்திரி சாப்பிட்ட இட்லியை மட்டும் திட்டாதீர்கள், கல்லீரலும் விடிய விடியச் சர்க்கரையை வெளியே விடுகிறது. தொப்பைக்கும் பங்கு உண்டு.

சாப்பிட்டதும் 15 நிமிடம் நடக்கட்டும். வேலை செய்யும் தசை இன்சுலின் தட்டாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் சாப்பாட்டோடு. "இன்று நார்மல்தானே" என்று அவராக நிறுத்தக் கூடாது, சரியா? மூன்று மாதம் கழித்து, அதுவரையிலான சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வாருங்கள்.