அலுவலக இடமாற்றமும் ஆண்டிறுதி விடுமுறையும்: வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு

2026 நவம்பர் 16, திங்கள்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கணக்கியல் அலுவலகம் இந்த ஆண்டின் இறுதியில் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. வழக்கமான ஆண்டிறுதி விடுமுறையும் அதை ஒட்டியே வருவதால், டிசம்பர் 19 முதல் ஜனவரி 3 வரை நீங்கள் அலுவலகத்துக்கு நேரில் வர இயலாது. 2027 ஜனவரி 4, திங்கட்கிழமை காலை 9.30 மணிக்குப் புதிய இடத்தில் பணி தொடங்கும். இடைப்பட்ட நாள்களில் யாருடைய சம்பளமும் தள்ளிப்போகக் கூடாது, எந்தப் படிவமும் கெடு தாண்டக் கூடாது. அதற்காக நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடுகளையும், உங்களிடமிருந்து எங்களுக்குத் தேவைப்படுவனவற்றையும் இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறோம். சற்று நீளமான கடிதம்தான். முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மாறுவதற்கு முதற்காரணம் படிக்கட்டு. இப்போதைய அலுவலகம் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கோப்புகளைச் சுமந்துகொண்டு மூத்தவர்கள் நடுப்படியில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்ப்பது எங்களுக்கு வருத்தமாகவே இருந்துவந்தது. புதிய கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருவோருக்கு வாசலில் சாய்தளமும் இருக்கிறது. கணக்கு விவரங்களை மற்றவர் காதில் விழாமல் பேசுவதற்குத் தனி அறைகள் இரண்டு அமைத்திருக்கிறோம். ஒரே கூடத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து வருமானத்தையும் கடனையும் பேச வேண்டிய நிலை இனி இருக்காது.

புதிய முகவரி:
எண் 48, மணிக்கூண்டுச் சாலை, மூன்றாம் தளம்
(அஞ்சல் குறியீடு மாறவில்லை)

புதிய தொலைபேசி: 555 0142 (2027 ஜனவரி 4 முதல்)
அவசரத் தொடர்பு எண்: 555 0178 (2026 டிசம்பர் 19 காலை முதல் 2027 ஜனவரி 3 இரவு வரை)

பழைய தொலைபேசி எண்ணுக்கு வரும் அழைப்புகள் ஜனவரி 4 முதல் மார்ச் 31 வரை புதிய எண்ணுக்குத் தாமாகவே வந்து சேரும். அதன் பிறகு பழைய எண் இயங்காது. மின்னஞ்சல் முகவரிகளில் மாற்றம் எதுவும் இல்லை. தொலைநகல் இணைப்பை மட்டும் டிசம்பர் 18-ஆம் தேதியோடு நிறுத்திவிடுகிறோம்.

புதிய அலுவலகம் பழைய இடத்திலிருந்து நடந்தே வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. கட்டடத்தின் பின்புறம் வாகன நிறுத்துமிடம் உண்டு; அதற்கான நுழைவு பக்கத்துத் தெருவில் இருக்கிறது, முன்வாசல் வழியாக வண்டியைக் கொண்டுவர முடியாது. தரைத்தளத்தில் காவலரிடம் பெயரைப் பதிந்துவிட்டு மேலே வர வேண்டும்.

இனி, நாள்வாரியாக. பழைய அலுவலகத்தில் கடைசி வேலைநாள் டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை; மாலை 5 மணிக்குக் கதவை மூடுகிறோம். 19, 20 சனி, ஞாயிறு இரண்டு நாள்களும் சாமான்கள் இடம்பெயரும். கணினிச் சர்வரும் அப்போதுதான் மாற்றப்படுவதால், வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 9 மணி வரை நீங்கள் ஆவணங்களைப் பதிவேற்றும் இணைய வாசல் இயங்காது. அந்த நேரத்தில் அனுப்பும் மின்னஞ்சல்கள் தொலைந்துபோகா; திங்களன்று படிக்கப்படும். 21 முதல் 23 வரை நாங்கள் புதிய இடத்தில் வேலை செய்துகொண்டிருப்போம், ஆனால் பெட்டிகளுக்கு நடுவே உங்களை வரவேற்க இயலாது. அந்த மூன்று நாள்களும் மின்னஞ்சலும் அவசர எண்ணும் மட்டுமே. டிசம்பர் 24 வியாழன் முதல் ஜனவரி 3 ஞாயிறு வரை விடுமுறை.

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை எங்களிடம் விட்டிருப்போர் அடுத்த சில வரிகளைத் தவறாமல் கவனிக்க வேண்டும். டிசம்பர் மாதச் சம்பளம் 31-ஆம் தேதி ஊழியர்கள் கையில் இருக்க வேண்டுமானால், வருகைப் பதிவு, விடுப்பு, மிகைநேரம், புதிதாகச் சேர்ந்தோர், விலகியோர் ஆகிய விவரங்கள் டிசம்பர் 11, வெள்ளிக்கிழமைக்குள் எங்களுக்கு வந்துவிட வேண்டும். 15-ஆம் தேதி வரைவுப் பட்டியலை அனுப்புவோம். 17-ஆம் தேதிக்குள் நீங்கள் ஒப்புதல் தந்தால், 18-ஆம் தேதி வங்கிக்குரிய கோப்பு உங்கள் கையில் இருக்கும். ஒப்புதலுக்குப் பின் வரும் திருத்தங்கள் ஜனவரிச் சம்பளத்தில்தான் சேரும். வழக்கத்தைவிட முன்கூட்டியே கேட்கிறோம் என்பது தெரியும். மாதக் கடைசியில் சம்பளத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்தே இந்தத் தேதிகளை வகுத்தோம். இதில் மட்டும் எங்களால் தளர்வு காட்ட முடியாது.

டிசம்பர் 19-க்கும் ஜனவரி 10-க்கும் இடையே கெடு வரும் படிவங்களை ஏற்கெனவே பட்டியலிட்டுவிட்டோம். அப்படிப் படிவம் உள்ளவர்களுக்கு அவரவர் கணக்கைப் பார்க்கும் அலுவலர் இம்மாதம் 27-ஆம் தேதிக்குள் தனியே எழுதுவார். உங்களுக்கு அப்படிக் கடிதம் வரவில்லை, ஆனால் கெடு இருப்பதாக நினைக்கிறீர்கள் என்றால், தயங்காமல் உடனே அழைத்துக் கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியே சரிபார்ப்பது நல்லதுதான்.

எங்கள் பாதுகாப்பில் இருக்கும் உங்கள் மூல ஆவணங்களைப் பற்றிச் சிலர் ஏற்கெனவே விசாரித்தார்கள். நியாயமான கவலை. ஒப்பந்தங்கள், சொத்துப் பத்திரங்கள் போன்ற மூலங்கள் சாமான் ஏற்றும் வண்டியில் போகப்போவதில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஆவணங்களும் தனி உறையில், எண்ணிட்டு, முத்திரை வைத்து, எங்கள் அலுவலர்கள் இருவர் உடன் சென்று புதிய இடத்தின் இரும்புப் பெட்டகத்தில் வைப்பார்கள். உறையில் உள்ளவற்றின் பட்டியல் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பப்படும். டிஜிட்டல் கையொப்பச் சாதனங்களுக்கும் இதே முறைதான். இடமாற்றத்துக்கு முன் உங்கள் ஆவணங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்பினால், டிசம்பர் 9-ஆம் தேதி வரை எந்த வேலைநாளிலும் வந்து கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் சார்பில் வேறொருவர் வருவதானால் நீங்கள் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும்.

அஞ்சலைப் பொறுத்தவரை, பழைய முகவரிக்கு வருபவற்றைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட அஞ்சலகத்தில் ஆறு மாதங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் தனியார் கூரியர்களுக்கு அந்தத் திருப்பல் பொருந்தாது. அவை உறையில் எழுதிய வாசலுக்கே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடும். எனவே டிசம்பர் 16-க்குப் பிறகு கூரியரில் எதையும் பழைய முகவரிக்கு அனுப்ப வேண்டாம். ஜனவரி 4 முதல் புதிய முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்களில் சிலர் எங்கள் அலுவலக முகவரியையே உங்கள் நிறுவனத்தின் கடிதத் தொடர்பு முகவரியாக வரித்துறையிடமும் வங்கியிடமும் கொடுத்திருக்கிறீர்கள். அதை மாற்றாமல் விட்டால் ஒரு நோட்டீஸ் வந்து, பதில் சொல்லும் காலம் கழிந்த பிறகே உங்களுக்குத் தெரியவரும். முகவரி மாற்றப் படிவங்களை நாங்களே நிரப்பி அனுப்புகிறோம். கையொப்பமிட்டு டிசம்பர் 4-க்குள் திருப்பித் தந்தால் போதும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அவசர உதவி எதற்கு, எப்போது? சம்பளக் கோப்பை வங்கி நிராகரித்துவிட்டது, விடுமுறைக்குள் பதில் சொல்ல வேண்டிய அரசு நோட்டீஸ் வந்திருக்கிறது, அதிகாரிகள் சோதனைக்கு வந்து நிற்கிறார்கள், வங்கிக் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது, கணக்கிலிருந்து பணம் திருடுபோனதாகச் சந்தேகம். இப்படிப்பட்ட எதுவானாலும் 555 0178-ஐ அழையுங்கள். தினமும் காலை 9 முதல் இரவு 9 வரை மூத்த கணக்காளர்களில் ஒருவர் எடுப்பார். அவர் வேறொரு அழைப்பில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அழைப்பார். இரவு 9-க்குப் பிறகு உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், பிரச்சினை ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் மறுநாள் காலை முதல் வேலையாக அழைப்போம். பணம் திருடுபோகும் விஷயத்தில் மட்டும் எங்களுக்காகக் காத்திருக்காமல் முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு எங்களிடம் பேசுங்கள். கடவுச்சொல்லையோ அடையாள அட்டையின் படத்தையோ குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம்.

பழைய ஆண்டறிக்கையின் பிரதி, கட்டண விளக்கம், புதிய பணிக்கான விசாரணை போன்றவற்றை மின்னஞ்சலில் எழுதிவையுங்கள். ஜனவரி 8-க்குள் பதில் வரும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. அலுவலகம் இடம் மாறும் செய்தி வெளியே தெரிந்ததும், "எங்கள் வங்கிக் கணக்கும் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் கட்டணம் செலுத்துங்கள்" என்று எங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்புவோர் கிளம்பலாம். எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. இந்த இடமாற்றத்தை ஒட்டி மாறப்போவதும் இல்லை. அப்படி எந்தக் கடிதம் வந்தாலும் பணம் அனுப்பாமல் எங்களை அழையுங்கள். இந்தக் கடிதமே உண்மைதானா என்று உறுதிசெய்துகொள்ள விரும்பினாலும் தவறில்லை. இதில் அச்சிட்டிருக்கும் எண்களை அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் பழைய எண்ணை டிசம்பர் 18-க்குள் அழைத்துக் கேளுங்கள்.

இந்த மாற்றத்தால் உங்களுக்கு நேரும் சிரமங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். மேலே சொன்ன தேதிகளில் ஏதாவது உங்கள் தொழிலுக்கு ஒத்துவராது என்றால் இந்த மாதமே சொல்லுங்கள். இப்போது மாற்று ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது.

அன்புடன்,
நிர்வாகப் பங்குதாரர்
(அனைத்துப் பங்குதாரர்கள், அலுவலர்கள் சார்பில்)

இணைப்பு: முகவரி மாற்றப் படிவத்துக்கான ஒப்புதல் தாள், புதிய அலுவலகத்துக்கு வரும் வழியைக் காட்டும் வரைபடம்