சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் வேண்டும்: முழு விவரம்

திருப்பூர், ஜூன் 1, 2026, திங்கள்

வணக்கம் மேடம்,

சனிக்கிழமை போனில் பேசியதை எழுத்தில் தருகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் இதே மாதிரி வேலைக்கு நான் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரே வரி: "சீனியர் மெர்ச்சண்டைசர், 8 வருஷ அனுபவம், உடனே வேண்டும்." நீங்கள் 38 ரெஸ்யூம் அனுப்பினீர்கள். ஆறு பேர் நேரில் வந்தார்கள், ஒருவர் சேர்ந்தார், ஏழாவது வாரத்தில் போய்விட்டார். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. என்ன வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

இடம் எப்படிக் காலியாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இப்போது இருக்கும் சீனியர் நான்கு வருஷமாக எங்களோடு இருக்கிறார். கணவருக்கு பெங்களூருக்கு மாற்றல், அதனால் கிளம்புகிறார். ஜூன் 30 அவருடைய கடைசி நாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. இன்டர்வியூவில் அவரும் எங்களோடு உட்காருவார்.

நாங்கள் செய்வது குழந்தைகள் பின்னலாடை மட்டும். சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், ரிப், குளிர்கால ஆர்டர் வந்தால் ஃப்ரெஞ்ச் டெர்ரி. பையர் இருவர், ஒருவர் ஜெர்மனி, இன்னொருவர் நெதர்லாந்து. ஒரு ஸ்டைலுக்கு 3,000 பீஸும் வரும், 40,000 பீஸும் வரும். தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் எங்கள் கட்டடத்திலேயே நடக்கிறது. நிட்டிங், சாயம், பிரிண்டிங் வெளியே ஜாப் ஒர்க். வருகிறவர் ஜெர்மனி பையரை முழுதாகப் பார்ப்பார். அவருக்குக் கீழே ஜூனியர் இருவர், சாம்பிள் பார்க்க ஒருவர். அவர் நேரடியாக எம்.டி.க்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி திறமை. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மெயில் அனுப்பத் தெரிந்த மெர்ச்சண்டைசர் திருப்பூரில் எங்கும் கிடைப்பார். டெக் பேக்கை வாங்கி ஜூனியரிடம் தள்ளிவிட்டு, பையர் கேட்டால் "செக் செய்து சொல்கிறேன்" என்று பதில் போடுகிறவர் எங்களுக்கு வேண்டாம். போன தடவை சேர்ந்தவர் அப்படித்தான். ஆங்கிலம் அருமையாக எழுதுவார். ஆனால் இரண்டாவது லாட்டில் ஷேடு மாறி வந்தபோது சாயப்பட்டறைக்குப் போகவே இல்லை, போன் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் துணி கட்டிங் டேபிளுக்கு வந்த பிறகுதான் விஷயம் எங்களுக்குத் தெரிந்தது.

எங்களுக்கு வேண்டியவர் காஸ்டிங்கைத் தானே உட்கார்ந்து போடுகிறவர். நூல் விலையில் ஆரம்பித்து நிட்டிங் கூலி, சாயக் கூலி, பிராசஸ் லாஸ், ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி, தையல் கூலி, லேபிள், பட்டன், பாலிபேக், ரிஜெக்‌ஷன் என்று போய் எஃப்.ஓ.பி விலை வரை. விலையை யூரோவில் சொல்லும்போது கரன்சி ஏறி இறங்குவதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கணக்கும் கைவசம் இருக்க வேண்டும். எக்ஸெல்லில் தானே செய்யத் தெரிந்தால் போதும். எங்கள் ஈஆர்பி-யைப் பத்து நாளில் பழகிக்கொள்ளலாம்.

குழந்தைகள் உடை பார்த்த அனுபவம் இருந்தால் நல்லது. இதில் சின்ன விஷயம் பெரிய ஷிப்மென்ட்டைப் பிடித்து நிறுத்திவிடும். ஹூடியில் கயிறு வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு நீளம் என்பதற்கு ஐரோப்பாவில் இ.என் 14682 என்று தனி விதி இருக்கிறது. ஸ்னாப் பட்டனை இழுத்துப் பார்க்கும் டெஸ்ட், நிக்கல் டெஸ்ட், பேக்கிங்குக்கு முன் மெட்டல் டிடெக்டர், இதெல்லாம் அவர் நாங்கள் சொல்லாமலே கேட்க வேண்டும். பாதி ஆர்டர் ஆர்கானிக் காட்டன் என்பதால் ஜி.ஓ.டி.எஸ் டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட் எப்படி நூல் மில்லிலிருந்து படிப்படியாக வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் உடை மட்டும் பார்த்தவர், ஆனால் காஸ்டிங்கில் கெட்டி என்றால் அனுப்புங்கள். பட்டன் டெஸ்ட்டை நாங்கள் சொல்லித் தருகிறோம். கணக்குப் போட்டுக்கொடுக்க எங்களால் முடியாது.

உங்கள் ஏஜென்சிப் பெண்கள் போனில் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "100 கிலோ நூல் கொடுத்தால் எத்தனை கிலோ துணி திரும்பி வரும்?" டக்கென்று ஒரு நம்பர் சொல்லிவிட்டால் சந்தேகப்படுங்கள். "என்ன துணி? வெள்ளையா, டார்க் கலரா?" என்று திருப்பிக் கேட்டால் அவர் வேலை பார்த்தவர், ரெஸ்யூமை எனக்கு அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே போன வருஷத்து 38-இல் பாதி குறைந்திருக்கும்.

அனுபவம் 6 முதல் 10 வருஷம். டிகிரியில் பிடிவாதம் இல்லை, டெக்ஸ்டைல் டிப்ளமோ போதும். எழுத்து ஆங்கிலம் தெளிவாக இருந்தால் சரி, ஜெர்மன் தேவையில்லை. தமிழ் பேச வராதவர் சாயப்பட்டறையில் வேலை வாங்குவது கஷ்டம், அதனால் தமிழ் கட்டாயம். இன்னொன்று, அமெரிக்க ஆர்டர் பார்த்தவர்கள் பலருடைய ரெஸ்யூமில் 2025 ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு இடைவெளி இருக்கலாம். அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட நேரம் அது. அதற்காக யாரையும் ஒதுக்காதீர்கள்.

ஆண், பெண் யாராக இருந்தாலும் சரி. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா என்ற கேள்விகளை உங்கள் பக்கத்திலிருந்து யாரும் கேட்க வேண்டாம். நாங்களும் கேட்பதில்லை.

வேலை இடம் பெருமாநல்லூர் ரோடு, ரயில்வே ஸ்டேஷனிலிருந்து 8 கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி வேன் காலை 8.20-க்குக் கிளம்பும், மாலையும் கொண்டுவந்து விடும். நேரம் 9 முதல் 6.30, சனிக்கிழமையும் உண்டு, ஞாயிறு லீவு. ஷிப்மென்ட் வாரத்தில் இரவு 8.30 வரை ஆகும், அன்றைக்கு வீடு வரை வண்டி ஏற்பாடு செய்கிறோம். வீட்டிலிருந்து வேலை என்பது இதில் நடக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது வீரபாண்டி, அருள்புரம் பக்கம் பட்டறைகளுக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு ஆபீஸ் கார் உண்டு. அவிநாசி, பெருமாநல்லூர், குன்னத்தூர் பக்கம் வீடு இருப்பவர் என்றால் ரொம்ப வசதி. கோயம்புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன் என்பவர்களை இரண்டு முறை பார்த்துவிட்டோம், மூன்று மாதத்தில் களைத்துப் போகிறார்கள். அங்கிருந்து குடிமாறி வரத் தயார் என்றால் அனுப்புங்கள். வெளியூர்க்காரருக்கு முதல் 15 நாள் தங்கும் செலவு எங்களுடையது.

சம்பளம். வருஷத்துக்கு 7.2 லட்சம் முதல் 8.4 லட்சம் வரை சி.டி.சி. "பேசிக்கொள்ளலாம்" என்று மொட்டையாகச் சொல்லாமல் இந்தத் தொகையையே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப் மாதம் 1,800 இதற்குள் அடங்கும். 7.2 லட்சம் என்றால் கைக்கு மாதம் சுமார் 56,000 வரும், 8.4 லட்சம் என்றால் சுமார் 66,000. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் தனி, சி.டி.சி-க்கு வெளியே, முதல் வருஷம் சேர்ந்த நாளைக் கணக்கிட்டு. 8.4-ஐத் தாண்ட எம்.டி. சம்மதிக்க மாட்டார், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது வாங்கும் சம்பளத்தைவிட இத்தனை சதவீதம்தான் ஏற்றுவோம் என்ற கட்டுப்பாடு கிடையாது. குறைவாக வாங்கும் நல்ல ஆள் கிடைத்தாலும் 7.2-க்குக் கீழே பேச மாட்டோம்.

தேதிகளில்தான் சிக்கல். ஜூலை 17-இல் ஆடி பிறக்கிறது. ஆடியில் புது வேலையில் சேர நம் ஊரில் பாதிப் பேர் தயங்குவார்கள். அதை விட்டால் அடுத்த தடை தீபாவளி போனஸ். நவம்பர் 8 தீபாவளி, செப்டம்பர் தாண்டிவிட்டால் போனஸ் வாங்காமல் யாரும் நகர மாட்டார்கள். எங்களுக்கோ 2027 கோடைக்கால ஆர்டருக்கு ஜூலையில் சாம்பிள் தொடங்கி, செப்டம்பரில் பி.பி சாம்பிள் அப்ரூவல் வந்தாக வேண்டும். அதனால் இப்படி வைத்திருக்கிறேன்:

ஜூன் 8, திங்கள்: முதல் ஐந்து ரெஸ்யூம். ஐந்துக்கு மேல் வேண்டாம்.
ஜூன் 12, 13: நேர்முகம். ஒரு டெக் பேக் கொடுப்போம், 90 நிமிடத்தில் காஸ்டிங் போட வேண்டும். கால்குலேட்டர், லேப்டாப் எதுவும் பயன்படுத்தலாம்.
ஜூன் 19, வெள்ளி: எம்.டி.யுடன் பேச்சு.
ஜூன் 22, திங்கள்: ஆஃபர் லெட்டர்.
ஜூலை 13, திங்கள்: சேர வேண்டிய நாள். முடியாவிட்டால் ஆடி கழிந்து ஆகஸ்ட் 20-க்குள்.

ஜூலை 13 என்றால் ஆஃபருக்கும் சேர்வதற்கும் இடையே மூன்று வாரம்தான். 30 நாள் நோட்டீஸ் உள்ளவருக்கு மீதி நாட்களுக்கான நோட்டீஸ் பணம் 15 நாள் சம்பளம் வரை நாங்கள் கட்டிவிடுகிறோம். பழைய கம்பெனியில் போனஸ் போய்விடுமே என்று கவலைப்படுகிறவருக்கு, ஆகஸ்ட் 20-க்குள் சேர்ந்தால் 25,000 ரூபாய் ஜாயினிங் தொகையாகக் கொடுக்க எம்.டி. ஒத்துக்கொண்டிருக்கிறார். 60 நாள் நோட்டீஸ் உள்ளவரை அனுப்பும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நம் தேதிக்கு அவர் ஒத்துவர மாட்டார்.

ஆஃபரை வாங்கிக்கொண்டுபோய்ப் பழைய முதலாளியிடம் காட்டிச் சம்பளம் ஏற்றிக்கொள்கிறவர்கள் ஊரில் அதிகம். ஆஃபர் கொடுத்த பிறகு வாரம் ஒருமுறை நீங்களும் அவரோடு பேசிக்கொண்டிருங்கள், ராஜினாமா ஏற்றுக்கொண்ட மெயிலின் நகலை வாங்கி வையுங்கள். ஆள் மனசு மாறுவது போலத் தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், இரண்டாவதாக வந்தவரை நான் பிடித்து வைத்திருப்பேன்.

உங்கள் கட்டணம் பழையபடி, வருஷ சி.டி.சி-யில் 8.33 சதவீதம், ஜி.எஸ்.டி 18 சதவீதம் தனி. ஜாயினிங் தொகை சி.டி.சி-யில் சேராது. ஆள் சேர்ந்த 45-ஆவது நாள் பில்லைக் கட்டுகிறோம். 90 நாளைக்குள் அவராக விட்டுப் போனாலோ, சரிவராமல் நாங்கள் அனுப்பினாலோ மாற்று ஆள் தர வேண்டும், பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம். இரண்டு வாரத்துக்கு இந்த வேலையை உங்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். ஜூன் 15 வரை ஒன்றும் அமையவில்லை என்றால் இன்னொரு ஏஜென்சியிடமும் சொல்வேன், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கம்பெனி பெயரை முதல் போனில் சொல்ல வேண்டாம். பையர் பெயரை எப்போதுமே சொல்லக் கூடாது. திருப்பூரில் ஒரு டீ குடிப்பதற்குள் சேதி ஊர் சுற்றிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நாளை காலை 11 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன் தையல் லைனில் இருப்பேன், போன் எடுக்க முடியாது. சந்தேகம் இருப்பவற்றை அப்போதே பேசி முடித்துவிடலாம்.

நன்றி.

மேலாளர், மனிதவளப் பிரிவு
பெருமாநல்லூர் ரோடு யூனிட், திருப்பூர்